மூன்றில் இரண்டு மூன்றில் ஒன்றான கதை

ஓர் ஊர் நூலகத்தில் வாசகர்கள் 200 பேரிடம் கருத்துக் கணிப்பு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 'என்னென்ன வசதி வேண்டும்?' என்பது கேள்வி. வேண்டியதையெல்லாம் டிக் செய்யலாம். கழிப்பறைக்கு 128 பேர், குடிநீருக்கு 104 பேர், கூடுதல் மின்விசிறிக்கு 94 பேர், ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் திறந்திருப்பதற்கு 76 பேர் டிக் போட்டார்கள். அதாவது 64, 52, 47, 38 சதவீதம்.

இதைக் கூட்டத்தில் காட்ட ஒருவர் பவர்பாயிண்டைத் திறந்து, பை சார்ட்டைத் தேர்ந்தெடுத்து, சதவீதமும் தெரியும்படி செய்கிறார். ஸ்லைடில் கழிப்பறைக்கு நேரே வருவது 32%. பை சார்ட்டுக்குத் தெரிந்தது ஒரே கணக்குதான்: கொடுத்த எண்களையெல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை முழு வட்டமாக்கிப் பங்கு பிரித்துவிடும். மொத்தம் 402 டிக். அதில் 128 என்றால் 32%. மற்றவை 26, 23, 19. நான்கையும் கூட்டினால் கச்சிதமாக 100 வருகிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் எழாது. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் கேட்ட கழிப்பறை, மூன்றில் ஒருவர் கேட்டதாகிவிட்டது. நிதி ஒதுக்குகிறவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

ஆகவே எந்த சார்ட் என்று யோசிக்கும் முன், கேள்வித்தாளை எடுத்து, அந்தக் கேள்விக்கு ஒரு டிக்கா, பல டிக்கா என்று பார்க்க வேண்டும். பல டிக் என்றால் பை சார்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை, பார் சார்ட்தான். கீழே 'ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுக்கலாம். பதிலளித்தோர் 200' என்று ஒரு வரி போட்டுவிட்டால், கூட்டுத்தொகை ஏன் நூறைத் தாண்டுகிறது என்ற கேள்வியும் எழாது.

ஒரே டிக் என்றால் பை சார்ட் செல்லும். செல்லும், அவ்வளவுதான். 'உறுப்பினர் சந்தாவை உயர்த்தலாமா?' என்ற கேள்விக்கு ஆம் 72, இல்லை 28 என்றால் வட்டம் சட்டென்று சொல்லிவிடும். 'பெரும்பாலும் எதற்கு வருகிறீர்கள்?' என்ற கேள்விக்கு நாளிதழ் 31, போட்டித் தேர்வு 27, நாவல் 24, சிறுவர் நூல் 12, மற்றவை 6 என்று வந்தால், முதல் மூன்று துண்டுகளில் எது பெரியது என்று பின்வரிசைக்காரர் தடுமாறுவார். கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் சோதித்துச் சொன்னது இதைத்தான்: ஒரே கோட்டிலிருந்து புறப்படும் நீளங்களை நம் கண் நன்றாக ஒப்பிடும், கோணங்களை அவ்வளவு சரியாக ஒப்பிடாது. முப்பரிமாண பை சார்ட் இன்னும் மோசம். நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும் துண்டு தன் அளவுக்கு மேல் பெரிதாகத் தெரியும்.

பார் சார்ட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 'ஞாயிற்றுக்கிழமை திறப்பு' போன்ற நீளமான பெயர்கள் நிற்கும் பட்டைகளின் கீழே சாய்ந்து நெருக்கியடிக்கும். பட்டைகளைப் படுக்க வைத்தால் நேராகப் படிக்கலாம். அப்போது நீங்கள் முதலில் எழுதியது அடியில் போய் உட்காரும். Format Axis-இல் Categories in reverse order என்பதை டிக் செய்தால் மேலே வந்துவிடும். அடுத்தது, அச்சு 0-இல் தொடங்குகிறதா என்று பார்ப்பது. 30-இல் தொடங்கினால், 64-இன் பட்டை 38-இன் பட்டையைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீண்டுவிடும்.

சரி, லைன் சார்ட்? அது காலத்துக்கு மட்டும். மூன்று சார்ட்டுகளையும் பிரபலமாக்கிய வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூல் முழுக்க வணிகத்தைக் கோடுகளாகத்தான் வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஆண்டின் கணக்குதான் கிடைத்தது. கோடு இழுக்க வழியில்லாமல் பட்டைகளைப் போட்டார். கழிப்பறையிலிருந்து குடிநீருக்குக் கோடு இழுத்தால், இரண்டுக்கும் நடுவே ஏதோ இருப்பதாகிவிடும்.

நூலகத்தில் 'திருப்தி' என்றவர்கள் 2018-இல் 64, 2019-இல் 66, 2022-இல் 51, 2023-இல் 54 சதவீதம் என்றால் கோடு பொருந்தும். ஆனால் நான்கு ஆண்டுகளையும் பெயர்களைப் போல அடுத்தடுத்துக் கொடுத்தால், சார்ட் அவற்றைச் சம இடைவெளியில் வைக்கும். மூன்று ஆண்டுகளில் நடந்த இறக்கம் ஒரே ஆண்டில் விழுந்ததாகத் தெரியும். கணிப்பு நடக்காத 2020, 2021-க்கும் வரிசை போட்டு, எண்ணைக் காலியாக விட வேண்டும். கோடு அங்கே அறுந்து நிற்கும், நிற்கட்டும். கடைசியில் 51 என்பது 54 ஆனதற்கு மேல்நோக்கிய அம்புக்குறி போட ஆசை வரும். 200 பேரைக் குலுக்கல் முறையில் சரியாகப் பொறுக்கியிருந்தால்கூட, ஒவ்வொரு ஆண்டின் எண்ணும் ஏறத்தாழ 7 புள்ளிகள் முன்னே பின்னே இருக்கக்கூடியது. அந்த மூன்று புள்ளிகளை வைத்து ஏற்றம் என்று சொல்ல முடியாது.