பாராட்டு எந்த வரியில் வர வேண்டும்?

திருமணப் புகைப்படக்காரர் ஒருவரின் அறிமுகக் குறிப்பு, “அருமையான சேவை, மிக்க நன்றி” என்ற வாடிக்கையாளர் பாராட்டோடு தொடங்கினால், அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும்: “சடங்கை நிறுத்தி போஸ் கேட்க மாட்டேன், ஓரமாக நின்றே எடுப்பேன்.” அடுத்த வரியில் மணப்பெண் பேசட்டும்: “கேமரா இருந்ததே தெரியவில்லை. அப்பா கண்ணைத் துடைத்ததை ஆல்பத்தில்தான் பார்த்தேன்.” இப்போது பாராட்டு, அவர் சொன்னதற்குச் சாட்சியாகிறது.

மேற்கோளை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். ஆள் யார், எப்படி வேலை செய்கிறார் என்பது அப்போதும் புரிய வேண்டும். புரியாவிட்டால் குறிப்பை இன்னும் எழுதவே இல்லை என்று பொருள்.

மேற்கோள் ஒன்று போதும். நீளமானால் வெட்டலாம், சொல்லை மாற்றக் கூடாது. வெட்டியதைச் சொன்னவரிடம் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே போடுங்கள்.