வாடிக்கையாளரிடம் நாலு வரி கேட்பது எப்படி?

வேலை முடிந்தது, பணமும் வந்துவிட்டது, வாடிக்கையாளருக்கும் முழுத் திருப்தி. அந்தத் தெம்பில் ஃப்ரீலான்சர் ஒரு மெசேஜ் அனுப்புகிறார்: "சார், என்னோட வொர்க் பத்தி ஒரு டெஸ்டிமோனியல் எழுதித் தர முடியுமா?" உடனே பதில் வருகிறது: "கண்டிப்பா!" பிறகு ஒரு வாரம் போகிறது, மூன்று வாரம் போகிறது. ஒரு வரிகூட வருவதில்லை.

இதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கேட்டவர் தன்னையறியாமல் ஒரு கட்டுரைப் போட்டியையே எதிராளியின் தலையில் கட்டிவிட்டார். எத்தனை வரி எழுதுவது, தமிழிலா ஆங்கிலத்திலா, எதைப் பற்றிச் சொல்வது, எங்கே போடப் போகிறார்கள் என எதுவும் அவருக்குத் தெரியாது. எழுதிப் பழக்கமில்லாதவருக்கு வெற்றுத் திரை பயமூட்டும். பழக்கமுள்ளவரோ, நன்றாக எழுத வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுவார். எழுதுகிற சுமையை அவரிடமிருந்து இறக்கிவிட்டால், கேட்ட அன்றே கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்யும் ஒரு பெண், காங்கேயம் பக்கத்து மரச்செக்கு எண்ணெய்க்காரர் ஒருவருக்குப் பாட்டில் லேபிள்களைப் புதிதாக வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். புது லேபிள் கடைகளுக்குப் போய் ஒரு மாதம் கழித்து, வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது: "லேபிள் நல்லா வந்திருக்குங்க மேடம். கடைக்காரரு போன் பண்ணாரு. இப்பெல்லாம் நல்லெண்ணெய் கேட்டா கடலெண்ணெயை மாத்தி எடுத்துக் குடுக்கறதில்லீங்களாமா."

கேட்க வேண்டிய நேரம் இதுதான். கோப்புகளை ஒப்படைத்த அன்று கேட்டிருந்தால் "அழகா இருக்கு" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் லேபிள் அப்போது கடைக்கே போகவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் நினைவு மங்கியிருக்கும். பில் நிலுவையில் இருக்கும்போது கேட்பதும் சரியல்ல. பணமும் பாராட்டும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டால், இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றும்.

அந்தப் பெண் அனுப்ப வேண்டிய பதில் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "ரொம்ப சந்தோஷம் சார். இப்போ நீங்க சொன்னதை உங்க பேரோட என் வெப்சைட்ல போட்டுக்கலாமா? நீங்க எதுவும் எழுத வேண்டாம். கீழே இருக்கிற மூணு கேள்விக்கு வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொன்னாப் போதும், ரெண்டு நிமிஷ வேலைதான். நான் எழுதி அனுப்பறேன். நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் போடுவேன். வசதிப்படலைன்னாலும் பரவாயில்லை சார்."

எங்கே வரப்போகிறது, எவ்வளவு நேரமாகும், கடைசி முடிவு யாருடையது என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. மறுக்க வழியில்லாத கோரிக்கைக்கு நம்மவர்கள் "சரி" என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார்கள். மறுக்க இடம் கொடுத்தால், வருகிற சம்மதம் உண்மையானதாக இருக்கும்.

இனி அந்த மூன்று கேள்விகள். "லேபிளை மாத்தலாம்னு நினைச்சப்போ உங்களுக்கு என்ன தயக்கம் இருந்தது?" "மாத்தின பிறகு என்ன வித்தியாசம் தெரியுது?" "வேலை நடந்தப்போ எது உங்களுக்கு உதவியா இருந்தது?"

முதல் கேள்விதான் பலருக்கும் தோன்றாதது. 'தி பிரெய்ன் ஆடிட்' என்ற நூலை எழுதிய சீன் டிசோசா, டெஸ்டிமோனியலுக்காக வாடிக்கையாளரிடம் கேட்க ஆறு கேள்விகளை வகுத்திருக்கிறார். அவற்றில் முதலாவதே, வாங்கவிடாமல் எது உங்களைத் தடுத்திருக்கும் என்பதுதான். அதற்குக் காரணம் உண்டு. பாராட்டைப் படிக்கிற புதிய ஆளுக்கும் அதே தயக்கம்தான் இருக்கும். "அருமையான சேவை, அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்" என்பதை அவர் கண்ணை ஓட்டிக் கடந்துவிடுவார். தன் பயத்தை வேறொருவர் சொல்வதைப் பார்த்தால் நின்று படிப்பார்.

எண்ணெய்க்காரர் பேசி அனுப்பிய பதிலை அந்தப் பெண் நாலு வரியாக்குகிறார்: "10 வருஷமா ஓடின லேபிளை மாத்தினா பழைய ஆளுங்களுக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமோன்னு பயந்தேன். அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி 20 பாட்டில்ல மாதிரி ஒட்டி, கடையில வெச்சுப் பார்க்கச் சொன்னாங்க. அதுல பயம் போச்சு. இப்ப கடைக்காரங்க நல்லெண்ணெய்க்குப் பதிலா கடலெண்ணெயை மாத்தி எடுக்கறதில்லை."

ஒப்புதலுக்குப் போன இடத்தில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார்: "கடைக்காரங்க இல்லீங்க மேடம், ஒரு கடைக்காரருதான் சொன்னாரு." பன்மை ஒருமையாகிறது. வரியின் வீச்சு கொஞ்சம் குறைந்தாலும், இப்போதுதான் அது அவருடைய வாக்கு. யாராவது போன் செய்து விசாரித்தாலும் அவர் தயங்காமல் அதையே சொல்வார்.

"நீங்களே எழுதிக்குடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அவர் எதுவும் சொல்லாமலே இவர் எழுதினால், அது தனக்குத் தானே எழுதிக்கொண்ட பாராட்டாகிவிடும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்கள், ஒருவர் பெயரில் வரும் பரிந்துரை அவருடைய உண்மையான கருத்தாகவும், போதிய தகவல் அல்லது அனுபவத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. அமெரிக்காவில் போலிப் பாராட்டுகளையும், நல்லதாகச் சொன்னால்தான் சலுகை என்ற பேரத்தையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களை வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. எனவே அப்படிச் சொல்பவரிடம், "எழுதித் தர்றேன் சார், இந்த மூணுக்கு மட்டும் போன்ல பதில் சொல்லிடுங்க" என்பதே சரியான வழி. ஐந்து நிமிடப் பேச்சில் விஷயம் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் மாற்றிப் போடுவதானால் அந்த ஆங்கில வடிவத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். "நல்லா இருக்கு" என்று அவர் சொன்னது மொழிபெயர்ப்பில் "நிகரற்றது" ஆகிவிடக் கூடாது.

பதில் வரவில்லை என்றால்? ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும், அதுவும் கோரிக்கையைச் சுருக்கி: "மூணு கேள்வி வேண்டாம் சார், ரெண்டாவதுக்கு மட்டும் ஒரு வரி போதும்." அதற்கும் பதிலில்லை என்றால் விட்டுவிடலாம். நாலு வரிக்காக நல்ல வாடிக்கையாளரை நச்சரித்து இழப்பது நஷ்டக் கணக்கு.

பெரிய நிறுவனங்களில் சிக்கல் வேறு. நம்மோடு வேலை செய்த மேலாளருக்கு மனம் இருந்தாலும், நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்த அவருக்கு அதிகாரம் இருக்காது. சட்டப் பிரிவைக் கேட்க வேண்டியிருக்கும். ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் வேலையைப் பற்றியே வெளியில் சொல்ல முடியாமல் போகலாம். அப்படிப்பட்டவரிடம், நிறுவனப் பெயர் இல்லாமல் பதவியும் துறையும் மட்டும் போடலாமா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் அவருக்கு எளிது.

லிங்க்ட்இன் தளத்தில் பரிந்துரை கேட்பது இன்னொரு வழி. அங்கே அவர் நம் நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். வருகிற பரிந்துரையை ஏற்கலாம், திருத்தம் கேட்கலாம். நாம் ஏற்ற பிறகே அது நம் பக்கத்தில் தெரியும். கோரிக்கையோடு தளமே தானாகப் போட்டுத் தரும் பொதுவான வரியை அழித்துவிட்டு, எந்த வேலையைப் பற்றி, எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று குறிப்பிட்டால், எழுத உட்காருபவருக்கு முதல் வாக்கியம் கையிலேயே இருக்கும்.

ஒப்புதல் தந்த மெசேஜையும் குரல் பதிவையும் தேதியோடு தனி ஃபோல்டரில் பத்திரப்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே விட்டுவைத்தால் போன் மாற்றும்போது தொலைந்துபோகலாம். வெப்சைட்டில் வந்ததும் அந்த இணைப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பிவைப்பது மரியாதை. பெயரிலோ ஊரிலோ தவறு இருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான்.