கருப்பு எங்கே இருக்கிறது?

படத்திலுள்ள குதிரையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால், கண் முதலில் உடம்பில்தான் போய் நிற்கும். ஏமாறுவதும் அங்கேதான். மாலை வெயிலில் பழுப்பு செம்பாக மின்னும். குளிப்பாட்டிய ஈரத்தில் அதே பழுப்பு கருத்துத் தெரியும். எனவே பார்க்க வேண்டியது ஓரங்களை: பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே, காது விளிம்பு. செம்பழுப்பு உடம்பும் ஓரங்களில் கருப்பும் இருந்தால் அது ‘பே’. மயிரில் எங்குமே கருப்பு இல்லையென்றால், உடம்பு எவ்வளவு இருண்டிருந்தாலும் ‘செஸ்நட்’. குதிரை மயிரில் இருப்பவை கருப்பு, சிவப்பு என்ற இரண்டே நிறமிகள். செஸ்நட்டின் மயிரால் கருப்பை உண்டாக்கவே முடியாது. பே குதிரையால் முடியும். ஆனால் இன்னொரு மரபணு அதை உடம்பிலிருந்து விலக்கி ஓரங்களில் நிறுத்திவிடுகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். வறுத்த காப்பிக்கொட்டை நிற உடம்பு, அதைவிட இருண்ட பிடரி. பே என்று சொல்ல வாய் துடிக்கும். ஆனால் முழங்காலுக்குக் கீழும் அதே காப்பி நிறம்தான். குளம்பை நெருங்கும்போது சற்று வெளிறவும் செய்கிறது. ஆகவே இது ‘லிவர் செஸ்நட்’. உடம்பின் நிறத்தில் பொய் சொல்லும் படம் கருப்பில் மட்டும் உண்மை பேசுமா என்று கேட்கலாம். நாம் கருப்பைத் தனியே அளக்கவில்லை. ஒரே வெளிச்சத்தில் இருப்பவற்றை ஒப்பிடுகிறோம். தலையில் பூட்டிய கருப்புத் தோல்வாரின் பக்கத்தில் இந்தப் பிடரி பழுப்பாகவே தெரியும். காலில் வெள்ளை ஏறியிருந்தால் காதும் வாலும் சாட்சி சொல்லும். பே குட்டியின் கால்கள் மட்டும் முதல் ரோமம் உதிரும்வரை வெளிறியே இருக்கும். அதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

‘கிரே’ இந்தக் கணக்கில் அடங்காது, ஏனென்றால் அது நிறமல்ல, நரை. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகள் கருமையாகப் பிறந்து, பெரும்பாலும் 6 முதல் 10 வயதுக்குள் வெளுத்துவிடுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் எடுத்த படம்தான் குழப்பும்: செம்மயிரும் வெண்மயிரும் கலந்திருப்பதால் ‘ரோன்’ என்று தோன்றும். அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ரோனுக்கு உடம்பில்தான் வெண்மயிர் கலக்கும், தலையும் கால்களும் இருண்டே இருக்கும். கிரேயின் முகமோ முன்னதாகவே வெளுத்துவிடும். முழுக்க வெளுத்த பிறகும் மூக்கைச் சுற்றிய கருந்தோல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வெயிலில் செம்மை ஏறிய கருப்புக் குதிரையும் மிக இருண்ட பேயும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்குமே ஓரங்கள் கருப்பு என்பதால் நம் கேள்வி அங்கே பயன்படாது. வேரோடு பிடுங்கிய சில பிடரி மயிர்களின் மரபணுச் சோதனைதான் அதைத் தீர்க்கும்.