மின்கட்டணப் பட்டியலைப் படிக்கும் முறை

கடலுக்கும் வாவிக்கும் இடையே, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த ஊர் தேற்றாத்தீவு. அங்கே ஒரு சிறு குடும்பத்தின் வீட்டிற்கு 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மின்கட்டணப் பட்டியல் ஒன்று வருகின்றது என வைத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆந் திகதி, எட்டு ஆண்டுகளாக மாறாதிருந்த கட்டணங்களை இலங்கை உயர்த்தியது. அதன்பின்னும் அவை பலமுறை கூடியுங் குறைந்தும் மாறியுள்ளன. தொகைகள் மாறினும் கணக்கிடும் முறை பெரிதும் அதுவே. ஆதலின், அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டால் முறை எளிதில் விளங்கும்.

பட்டியலில் முதலிற் பார்க்க வேண்டியன இரண்டு வாசிப்புகள். முன்னைய வாசிப்பு 4218. இம்முறை வாசிப்பு 4279. ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிக்க வருவது 61. இதுவே செலவான அலகுகளின் தொகை. மின்மானியில் நிற்கும் எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று வீட்டாரே சென்று பார்ப்பது நன்று. பட்டியல் கிடைத்த பின்னர் பார்ப்பதாயின் மானியில் உள்ள எண் சற்றே கூடியிருத்தல் வேண்டும். குறைந்திருந்தால், வாசிப்பிலோ பதிவிலோ பிழை நேர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

அடுத்தது படிகள். முப்பது நாளில் 60 அலகுக்கு மேற்படாத வீட்டிற்கு ஒரு விலை. மேற்பட்ட வீட்டிற்கு முற்றிலும் வேறொரு விலை. 2022 ஆகஸ்ட் கட்டணப்படி, 60 அலகு எரித்த வீடு முதல் 30 அலகுக்கு அலகொன்று 8 ரூபா வீதம் 240 ரூபாவும், அடுத்த 30க்கு 10 ரூபா வீதம் 300 ரூபாவும் செலுத்தும். நிலையான கட்டணம் 240 ரூபா. ஆக 780 ரூபா.

இனி நமது வீட்டின் 61 அலகைப் பார்ப்போம். மேலதிகமான அந்த ஓரலகுக்கு மட்டுமே விலை கூடும் என்று பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. எல்லையைத் தாண்டியவுடன் முதல் அலகிலிருந்தே புதிய விலை தொடங்கிவிடுகின்றது. 61 அலகுக்கும் 16 ரூபா வீதம் 976 ரூபா. நிலையான கட்டணம் 360 ரூபா. மொத்தம் 1,336 ரூபா. ஓரலகின் பொருட்டு 556 ரூபா கூடுகின்றது! ஆயிரம் வாட் மின்னழுத்தி ஒரு மணி நேரம் இடைவிடாது மின்சாரத்தை இழுத்தால் ஓரலகு செலவாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு மணி நேரத்தின் விலை தெரியும். 90 அலகைத் தாண்டும்போதும் இத்தகைய ஏற்றம் உண்டு. ஆனால் அங்கே பெரிதும் உயர்வது நிலையான கட்டணமே. அது 360 ரூபாவிலிருந்து 960 ரூபாவாகின்றது.

இங்கே நாட்கணக்கு ஒன்றும் உண்டு. இதனைக் கவனியாதோர் பலர். 60 என்னும் எல்லை முப்பது நாளுக்கு உரியது. அதாவது நாளொன்றுக்கு இரண்டு அலகு. இரு வாசிப்புகளுக்கும் இடையே 31 நாட்கள் சென்றிருந்தால் எல்லை 62 ஆகும். அப்போது இதே 61 அலகும் கீழ்ப்படியிலேயே நிற்கும். மானி வாசிப்பவர் ஒரு மாதம் வராது இரு மாதங்களுக்குச் சேர்த்து வாசித்தாலும் எல்லை அதற்கேற்ப விரியும். ஆதலின் முறையிடச் செல்லுமுன் திகதிகளை எண்ணிக்கொள்ளல் வேண்டும். நாட்களுக்கேற்ப எல்லை விரிக்கப்படாதிருந்தால், அந்த முறைப்பாட்டிற்கு வலுவுண்டு. வாரத்திற்கு ஒருமுறை மானியைப் பார்த்து 14 அலகுக்குள் நிறுத்துவோர்க்கு இத்தொல்லை பெரும்பாலும் வராது.

பட்டியலின் அடிப்பகுதியில் முன்னைய நிலுவை தனி வரியில் வரும். சென்ற மாதம் செலுத்தாத 780 ரூபா அங்கே நின்றால், செலுத்த வேண்டிய தொகை 2,116 ரூபா. நிலுவையினால் படி உயர்வதில்லை. படியை முடிவு செய்வன அலகுகளும் நாட்களுமே. தபாற் கந்தோரிற் பணம் செலுத்திய பின்னரும் நிலுவை காட்டப்படுவதுண்டு. செலுத்திய பணம் கணக்கிற் சேருமுன் பட்டியல் எழுதப்பட்டமையே பெரும்பாலும் அதன் காரணம். பற்றுச்சீட்டின் திகதியை வாசிப்புத் திகதியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். பற்றுச்சீட்டை அடுத்த பட்டியல் வரும்வரையேனும் பேணி வைத்தல் வேண்டும்.

செலுத்த வேண்டிய இறுதித் திகதி கடந்தவுடன் மின்சாரம் அன்றே துண்டிக்கப்படுவதில்லை. முதலில் எழுத்து மூலம் அறிவித்தல் வரும். அதனையும் பொருட்படுத்தாத வீட்டில் இணைப்பு துண்டிக்கப்பட்டால், நிலுவையோடு மீளிணைப்புக் கட்டணமும் செலுத்தியே விளக்கை ஏற்ற முடியும். சிறிய பட்டியலையுடைய வீட்டிற்கு அந்த மீளிணைப்புக் கட்டணம் பெருஞ்சுமை. முழுத்தொகையும் கையில் இல்லாதவர், அறிவித்தலின் கெடு முடியுமுன் மின்சார அலுவலகத்திற்குச் சென்று, இயன்றதைச் செலுத்தி, எஞ்சியதற்குத் தவணை கேட்பதே தக்கது.