காசா, கூரையா? வீட்டு இன்சூரன்ஸ் இழப்பீட்டில் எதைக் கேட்பது

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்ட கேள்வி இது: "வீடு சேதமானா இன்சூரன்ஸ்காரன் காசு கொடுப்பானா, இல்ல ஆள் வச்சு சரி பண்ணிக் கொடுப்பானா? எதைக் கேட்டா நமக்கு லாபம்?" கேள்வி எளிதுதான். ஆனால் பதில் பாலிசி தாளில் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு விஷயம். காசா, ரிப்பேரா என்று தேர்வு செய்யும் உரிமை பெரும்பாலும் நம்மிடம் இல்லை. நம் நாட்டில் நெடுங்காலம் விற்ற பழைய தீ விபத்து பாலிசியை எடுத்துப் பாருங்கள். பணம் தருவதற்குப் பதிலாகச் சேதமான சொத்தை மீண்டும் கட்டித் தரவோ மாற்றித் தரவோ கம்பெனி "தன் விருப்பப்படி" முடிவு செய்யலாம் என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கும். அச்சு அசலாக முன்பு இருந்தபடியே கட்டித் தர வேண்டியதில்லை, சூழ்நிலை அனுமதிக்கும் அளவுக்குக் கட்டினால் போதும் என்றும் அதே நிபந்தனை சொல்கிறது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? லண்டனில் 1774-லேயே இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். தீ விபத்தில் சந்தேகம் இருந்தால், உரிமையாளர் கையில் பணம் தராமல் அந்தப் பணத்தைக் கொண்டு வீட்டையே திரும்பக் கட்டச் செய்யலாம் என்றது அந்தச் சட்டம். காசுக்காகத் தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பவனுக்குக் காசு கிடைக்கக் கூடாது என்பதுதான் தர்க்கம். இருநூற்றைம்பது வருஷம் ஆகியும் அந்த பயத்தின் நிழல் நம் பாலிசிகளில் இருக்கிறது.

ஆனால் நடைமுறையில் ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக் கூரை சரிந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கொத்தனாரையும் சாரக்கட்டையும் அனுப்பி வைக்காது. சர்வேயர் வருவார், கணக்குப் போடுவார், பணம் வரும். ஆகவே நமக்கு முன்னால் உள்ள உண்மையான கேள்வி வேறு: எந்தக் கணக்கில் வரும் பணம்?

இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு சந்தை மதிப்பு. கூரை நாற்பது வருஷம் பழையது என்றால், புதிதாகப் போட ஆகும் செலவிலிருந்து அந்த நாற்பது வருஷத் தேய்மானத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். இரண்டாவது கணக்கு மறுகட்டுமான மதிப்பு. தேய்மானம் கிடையாது, இன்றைக்கு அதே கூரையைப் போட ஆகும் செலவு முழுவதும் கிடைக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பழைய பாலிசியில் இதற்கென்று தனி ஷரத்து சேர்த்திருக்க வேண்டும். அந்த ஷரத்துப்படி நீங்கள் உண்மையிலேயே கட்ட வேண்டும், சேதம் நடந்த 12 மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமானால் கம்பெனி எழுத்தில் தர வேண்டும். கட்டுவதற்குச் செலவு செய்யும் வரை சந்தை மதிப்பு மட்டும்தான் கைக்கு வரும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ராஜபாளையத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. தேக்கு உத்திரம், மேலே மங்களூர் ஓடு. புயல் மழையில் பக்கத்து வேப்பமரம் விழுந்து கூரையில் பாதி போய்விட்டது. அதே மாதிரி கூரையைத் திரும்பப் போட 4,00,000 ரூபாய் என்று மேஸ்திரி எஸ்டிமேட் தருகிறார். சர்வேயர் 40 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

சந்தை மதிப்பில் கிடைப்பது 2,40,000 ரூபாய். மறுகட்டுமான மதிப்பில் 4,00,000. வித்தியாசம் 1,60,000. இந்த வித்தியாசம் வேலை நடந்த பிறகே வரும் என்பதால், அதுவரை நீங்கள்தான் புரட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு, வருஷத்துக்கு 12 சதவீத வட்டியில் கடன் வாங்கினால் வட்டி 9,600 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கிடைக்க 9,600 ரூபாய் செலவு. அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கப் போகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கட்டுவதுதான் சரி.

சரி, "எப்படியும் கட்டத்தான் போறோம், ஓட்டுக்குப் பதிலா கான்கிரீட் போட்டுடலாமே" என்று வீட்டில் பேச்சு வரும். போடலாம். உங்கள் தேவைக்கு ஏற்ற விதத்திலோ, வேறு இடத்திலோகூடக் கட்டலாம் என்று அந்த ஷரத்தே சொல்கிறது. கம்பெனியின் பொறுப்பு மட்டும் கூடக்கூடாது. கான்கிரீட்டுக்கு 6,50,000 ஆகுமென்றால் கம்பெனி தருவது 4,00,000 வரைதான். மீதி 2,50,000 உங்கள் கைக்காசு.

வீட்டை இடித்துவிட்டு மனையாக விற்கப் போகிறீர்களா? அப்போது மறுகட்டுமானக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. 2,40,000 ரூபாயை வாங்கிக்கொண்டு விலகுவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு கணக்கிலும் ஒரு கழிவு வரும்: மிஞ்சிய பொருளின் மதிப்பு. உடைந்த உத்திரமும் உடையாத ஓடுகளும் உங்களிடமே இருந்தால், அதற்கு ஒரு விலை போட்டுக் கழிப்பார்கள். பழைய தேக்குக்கு நல்ல கிராக்கி இருக்கிறது. சர்வேயர் போடும் விலையை ஒரு மரக்கடையில் விசாரித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். விலை அதிகம் என்று தோன்றினால் "நீங்களே எடுத்துக்கோங்க" என்று சொல்லவும் இடம் உண்டு.

உங்களிடம் இருப்பது எந்த பாலிசி?

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுப் பாலிசியை எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டது. பழைய பாலிசியோடு ஒப்பிட்டால் இதில் கணக்கு நமக்குச் சாதகம். சேதத்துக்கு முன் இருந்த நிலைக்கு வீட்டைக் கொண்டுவர ஆகும் ரிப்பேர் செலவைக் காப்பீட்டுத் தொகை வரம்புக்குள் தருவார்கள். அதோடு, இடிபாடு அகற்ற இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை, என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை உண்டு. நம் உதாரணத்தில் அது முறையே 8,000, 20,000 ரூபாய். வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு.

இன்னொரு முக்கிய வித்தியாசம், குறைவாக இன்சூர் செய்திருந்தால் என்ன ஆகும் என்பது. 20 லட்ச ரூபாய் வீட்டை 10 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால், பழைய பாலிசியில் சேதத்திலும் பாதியைத்தான் தருவார்கள். 4 லட்சம் 2 லட்சமாகிவிடும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் கழிவு இல்லை. வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி என்றால் தலைப்பைப் பாருங்கள், காப்பீட்டுத் தொகையையும் பாருங்கள். அது வீட்டின் மதிப்பா, வெறும் கடன் தொகையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

வங்கி என்றதும் இன்னொன்று. கடன் பாக்கி இருக்கும் வீட்டின் பாலிசியில் வங்கி ஷரத்து இருக்கும். இழப்பீடு முதலில் வங்கிக்குப் போகும். அது கடனில் கழிந்துவிட்டால், கூரை இல்லாத வீடும் குறைந்த கடனும்தான் மிஞ்சும். கிளெய்ம் போட்ட வாரமே கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, ரிப்பேர் பில்களுக்கு எதிராகப் பணத்தை விடுவிக்கச் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

வீட்டுச் சாமான்களில்தான் "மாற்றித் தருவது" நிஜமாக நடக்கும். ஃபிரிட்ஜோ டிவியோ தண்ணீரில் நனைந்தால், ரிப்பேர் செலவைத் தருவது, ரிப்பேர் செய்து தருவது, அதே மாதிரிப் பொருளுக்கான விலையைத் தருவது, இதில் எது என்பது கம்பெனியின் விருப்பம். வெள்ளநீர் உள்ளே போன மின்சாதனம் ரிப்பேருக்குப் பின் ஓடும், சில மாதத்தில் துருப்பிடித்து நிற்கும். ரிப்பேர்தான் என்று சொன்னால், வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம், யார் தருவது என்று எழுத்தில் கேளுங்கள். அதைத் தரத் தயங்கினால், சர்வீஸ் சென்டரிடம் "சரி செய்து பயனில்லை" என்று ஒரு சான்று வாங்கி மாற்றுப் பொருளுக்கான விலையைக் கேளுங்கள்.

சர்வேயர் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது

சுப்ரீம் கோர்ட்டில் 2023 ஜனவரியில் முடிந்த ஆஸ்வால் பிளாஸ்டிக் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். தீ விபத்தில் சர்வேயர் இரண்டு தொகை எழுதியிருந்தார்: மறுகட்டுமான மதிப்பில் 29,17,500 ரூபாய், தேய்மானம் போக 12,60,000 ரூபாய். தேசிய நுகர்வோர் ஆணையம் சின்னத் தொகையே போதும் என்றது. சுப்ரீம் கோர்ட் பாலிசியின் நிபந்தனையை வரிவரியாகப் படித்துப் பெரிய தொகையைத் தரச் சொன்னது. இரண்டு தொகையும் ரிப்போர்ட்டில் இருந்ததால்தான் அந்த வாதமே சாத்தியமானது. ஆகவே சர்வேயரிடம் இரண்டு கணக்கையும், தேய்மானம் எத்தனை சதவீதம், ஏன் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

எஸ்டிமேட்டில் தேதி முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியது போல ஒரு மழைக்குப் பிறகு, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கொத்தனார் தேடும். கூலியும் ஓட்டு விலையும் ஏறும். மழைக்கு முந்தைய விலையில் மொத்தமாகக் காசு வாங்கிக்கொண்டால் அந்த ஏற்றம் உங்கள் தலையில் விழும். பில்லுக்கு எதிராக வாங்கினால், காப்பீட்டுத் தொகை வரம்புக்குள், நியாயமான ஏற்றத்தைக் கேட்க இடமிருக்கும். கம்பெனி உடனடிக் காசைக் கொஞ்சம் குறைத்து நீட்டும்போது யோசிக்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, "முழுமையும் இறுதியுமாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சர். அதில் கையெழுத்து வாங்கியதை மட்டும் காட்டி வாடிக்கையாளரின் மேல் உரிமையை மறுக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் தொகையில் தகராறு இருந்தால், "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று தனியாக ஒரு மெயில் அனுப்பிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி ஒத்துவரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணம் இல்லாமல் புகார் தரலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அங்கே இடம் உண்டு, வக்கீல் தேவையில்லை. கம்பெனியின் மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: அந்த வீட்டில் இருக்கப் போகிறாய் என்றால் கட்டு, பில் வை, முழுத் தொகையைக் கேள். விட்டுப் போகப் போகிறாய் என்றால் காசை வாங்கிக்கொள். இரண்டுக்கும் முன்னால் பாலிசியின் தலைப்பைப் படித்துவிடு.