உள்ளங்கையில் புள்ளி, வாயில் புண்

முதல் நாள் யாருக்கும் எதுவும் பிடிபடாது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு லேசான காய்ச்சல், சிணுங்கல், சாப்பாட்டில் நாட்டமில்லை. பல் முளைக்கிறது என்பார் பாட்டி. மறுநாள் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ரசம் சாதம் என்றால் ஆசையாக வாயைத் திறக்கும் பிள்ளை, ஒரு வாய் வாங்கியதுமே வீறிட்டு அழும். அதற்குப் பிறகு குளிப்பாட்டும்போதுதான் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள் கண்ணில் படும்.

கை, கால், வாய் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். 2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் பகுதியில் பரவி, தக்காளிக் காய்ச்சல் என்று தொலைக்காட்சிகள் பயமுறுத்தியதும் பெரும்பாலும் இந்த நோய்தான். மாடுகளுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வைரஸ் வேறு. குழந்தைகளுக்கு வருவது காக்ஸாக்கி என்ற வைரஸ் வகையால். அதில் ஏ16, ஏ6 என்ற இரண்டும்தான் நம் பக்கம் அதிகம்.

உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அம்மைக் கொப்புளம் போல உருண்டையாக இருக்காது. சற்றே நீள்வட்டமாக, தோலின் ரேகை ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் சிவப்பு விளிம்பு. சொறியத் தோன்றாது, அழுத்தினால் வலிக்கலாம். புட்டத்திலும் முழங்காலிலும் முழங்கையிலும்கூட வரும். சின்னம்மை அப்படியல்ல: அது நெஞ்சு, முதுகு, முகம் என்று உடம்பின் நடுப்பகுதியில் கிளம்பும், கடுமையாக அரிக்கும், உள்ளங்கையில் அதிகம் தங்காது. ஏ6 வைரஸ் மட்டும் கொஞ்சம் குழப்பும். வாயைச் சுற்றியும் கைகால் முழுவதும் கொப்புளங்களை வாரி இறைத்துவிடும். பார்க்க பயங்கரமாக இருந்தாலும் அதற்காக நோய் கடுமையாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

வீட்டில் எல்லோரும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் இருப்பதை ஒன்றும் செய்யவேண்டாம். குத்தவோ உடைக்கவோ கூடாது, தானே வற்றிவிடும். பிள்ளையைப் படுத்துவது வாய்தான். நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், அண்ணத்தின் பின்பகுதி ஆகிய இடங்களில் சின்னக் கொப்புளங்கள் வந்து, சீக்கிரமே உடைந்து, மஞ்சள் படிந்த புண்ணாகும். எச்சிலை விழுங்கினாலே எரியும். ஈறு முழுக்க வீங்கி ரத்தம் கசிந்தால் அது வேறு வைரஸாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் பயனில்லை. வேலை செய்வது பாராசிட்டமால் ஒன்றுதான், அதுவும் காய்ச்சலுக்கு மட்டுமல்ல, வாய் வலிக்கும் சேர்த்து. அளவில்தான் பலர் தவறுகிறார்கள். பத்து கிலோ எடையுள்ள குழந்தை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். கடையில் ஒரே பெயரில் இரண்டு சிரப் இருக்கும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் 6 மில்லி; 250 உள்ள பாட்டில் என்றால் 3 மில்லிதான். சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ளது என்றால் ஒன்றரை மில்லி போதும். பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படித்து, பாட்டிலோடு வரும் அளவு மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மிகாமல் கொடுக்கவேண்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இப்யூப்ரோஃபனும் வேண்டாம். பெரியவர்களுக்கு விற்கும் வாய்ப்புண் ஜெல்லை இந்த வயதுக்குத் தடவாதீர்கள். மரத்துப்போக வைக்கும் ஜெல்லும், ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த மருந்து கலந்த ஜெல்லும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து.

மருந்து கொடுத்து அரை மணியோ முக்கால் மணியோ கழிந்ததும் வலி கொஞ்சம் அடங்கும். சாப்பாடு ஊட்ட அதுதான் நேரம். குளிர்ந்த மோர், இளநீர், ஆறவைத்த ராகிக் கூழ், குழைந்த தயிர் சாதம் எல்லாம் இறங்கும். ஐஸ்கிரீமும்தான். காய்ச்சல் பிள்ளைக்கு ஐஸ்கிரீமா என்று வீட்டில் பெரியவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். இந்த நோயில் அது வலிக்கு இதமானது. புளிப்பு, காரம், சூடு மூன்றையும் ஒதுக்குங்கள். ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தால் அடுத்த டம்ளரைக் கண்டாலே பிள்ளை ஓடிவிடும். பால் பாட்டிலின் ரப்பர் புண்ணில் உரசினால் வலிக்கும், அதனால் டம்ளரிலோ கரண்டியிலோ கொடுத்துப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாள் சோறு சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீர் இறங்காவிட்டால்தான் வம்பு. ஆகவே கொப்புளத்தை எண்ணாதீர்கள், டயப்பரைப் பாருங்கள். எட்டு மணி நேரமாக அது காய்ந்தே கிடந்தாலோ, கண் குழிவிழுந்து, அழும்போது கண்ணீர் வராமல் போனாலோ மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

இன்னொரு அபாயமும் உண்டு, அபூர்வம்தான். என்டெரோவைரஸ் 71 என்ற வகை மூளையைத் தாக்கக்கூடியது. 1998இல் தைவானில் 78 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். தூங்கத் தொடங்கும்போது உடம்பு திரும்பத் திரும்பத் தூக்கிப்போடுவது, நடை தள்ளாடுவது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, அடிக்கடி வாந்தி, மேல்மூச்சு, மூன்று நாளைத் தாண்டியும் விடாத காய்ச்சல் என்று இவற்றில் எதைக் கண்டாலும் இரவென்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

மற்றபடி காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கும், வாய்ப்புண் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறும், புள்ளிகள் ஏழிலிருந்து பத்து நாளில் தழும்பில்லாமல் மறையும். எச்சில், சளி, கொப்புள நீர் வழியாகப் பரவுவது முதல் வாரத்தில்தான் அதிகம். ஆனால் மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வெளியேறும். பிள்ளை ஓடியாடத் தொடங்கிய பிறகும் டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அதனால்தான்; ஆல்கஹால் சானிடைசரை இந்த வைரஸ் அவ்வளவாக மதிப்பதில்லை. காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்து, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தால் விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்பலாம்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது உள்ளங்கைத் தோல் உரியும். ஒன்றிரண்டு மாதம் கழித்து நகங்கள் அடிப்பக்கமாகப் பெயர்ந்து எழும்பும், குறிப்பாக ஏ6 வந்துபோன குழந்தைகளுக்கு. பூஞ்சைத் தொற்று, கால்சியம் குறைவு என்று மருந்துக் கடையில் ஏதாவது சொல்வார்கள். எதுவும் வாங்கவேண்டாம். காய்ச்சலின்போது நகம் வளர்வது கொஞ்ச நாள் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவே. பெயர்ந்த நகத்தைப் பிடித்து இழுக்காமல், துணியில் மாட்டும் நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். அடியில் புது நகம் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும்.