சொப்பிலிருந்து சுண்டலுக்கு

அங்கன்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் காலை விளையாட்டு முடிந்து சிற்றுணவு தொடங்குவதற்கு இடையிலுள்ள கால் மணி நேரம்தான் டீச்சருக்குத் தொண்டை வறண்டுபோகும் நேரம். "எல்லாத்தையும் எடுத்து வைங்க, கை கழுவிட்டு வந்து உட்காருங்க" என்று சொன்னதுமே தள்ளுமுள்ளு, அழுகை, தரையெல்லாம் தண்ணீர். எடுத்து வைத்த பொம்மையை இன்னொரு பிள்ளை மறுபடி இறக்கும். பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, வரிசையில் இருக்கிறது.

இருபது பிள்ளைகள், ஒரு டீச்சர், ஓர் ஆயா, ஒரே குழாய் உள்ள ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். கையை நனைத்து, சோப்பு போட்டு இருபது விநாடி தேய்த்து, கழுவித் துடைக்க ஒரு பிள்ளைக்கு நாற்பது விநாடியாவது ஆகும். இருபது பேருக்கு 800 விநாடி. அதாவது பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல். எல்லோரும் ஒன்றாக எடுத்து வைத்து ஒன்றாக வரிசையில் நின்றால், கடைசிப் பிள்ளை அவ்வளவு நேரமும் வெறுங்கையோடு நிற்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையால் அது முடியாது. முன்னால் நிற்பவன் முதுகில் கை வைப்பதைத் தவிர அதற்கு அங்கே வேறு வேலை இல்லை.

ஆகவே இந்த நேரத்துக்கான விளையாட்டு வெறும் உற்சாகத்துக்காக இருக்கக் கூடாது. பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து அனுப்புகிற வேலையை அது செய்ய வேண்டும். ஐந்து பேர் கை கழுவும்போது மற்ற பதினைந்து பேரும் இன்னும் விளையாட்டிலோ அடுக்குவதிலோ இருக்க வேண்டும். மொத்த நேரம் குறையாது. ஆனால் ஒரு பிள்ளை காத்திருக்கும் நேரம் பதின்மூன்று நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்கு இறங்கிவிடும்.

10:40 மணிக்கு டீச்சர் ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் போய்க் குனிந்து உட்கார்கிறார். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதில் பயனில்லை. அந்த வயதில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று தெரியாது. விளையாட்டுக்குள்ளேயே ஒரு முடிவைக் காட்ட வேண்டும். "இன்னும் ரெண்டு கட்டை வச்சு முடிச்சிருடா கண்ணு", "பாப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டிட்டுத் தூங்கப் போடும்மா" என்று சொன்னால் குழந்தைக்குப் புரிகிறது. பாதியில் நிற்கும் கோபுரத்தை உடைக்கச் சொல்லவே கூடாது. அதைச் சாப்பிட்டு வந்து தொடரலாம் என்று ஒரு மூலையை ஒதுக்கி வைத்தாலே அழுகையில் பாதி வராது.

அடுத்தது மணி. சிறு கைமணியோ ஒரு தட்டுத்தாளமோ போதும். அதை இதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சத்தத்தை அடக்கவும் அதே மணியை அடித்தால் பிள்ளைகள் சில நாளில் காதில் வாங்காமல் விட்டுவிடுவார்கள்.

முதலில் புத்தகம் பார்ப்பவர்கள். அவர்களுக்கு வேலை குறைவு. "புத்தகத்துக்கெல்லாம் தூக்கம் வந்துருச்சு, சத்தமில்லாம படுக்க வைக்கலாமா?" என்று டீச்சர் கிசுகிசுக்கிறார். நுனிக்காலில் நடந்து அடுக்கி முடிக்கும் ஐவரும் 10:44-க்கு ஆயாவிடம் போகிறார்கள்.

இரண்டாவது, சொப்புச் சாமான் கூட்டம். இங்கே டீச்சர் கூடையோடு சாமான் வாங்க வந்தவராகிறார். "அம்மா, எனக்கு மூணு தட்டு வேணும். ஒரு கரண்டி இருக்கா? வட்டமா இருக்கிறதெல்லாம் கொடுங்க." பிள்ளைகள் தேடித் தேடிக் கொண்டுவந்து போடுகிறார்கள். சந்தை முடிந்ததும் கூடை நிறைந்திருக்கும். "எல்லாத்தையும்" என்ற ஒரு சொல்லுக்கு முன் திகைத்து நிற்கும் குழந்தை, "மூணு தட்டு" என்றால் உடனே ஓடும். அடுக்க வைக்கும் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் உயிர் இந்தச் சின்னக் கணக்குதான். படப்புதிர்க் கூட்டத்துக்கும் இதே முறைதான், தட்டுக்குப் பதில் நிறத்தைச் சொன்னால் போதும்.

கடைசியாகக் கட்டைக் கூட்டம். கட்டைகள் நிறைய, விளையாடும் பிள்ளைகளும் அதில் ஆழ்ந்திருப்பார்கள், அதனால்தான் அவர்களுக்கு அதிக நேரம். இங்கே எனக்கு மிகவும் பிடித்தது ரகசியச் சாமான் விளையாட்டு. தரையில் கிடப்பதில் ஒரு கட்டையை டீச்சர் மனதுக்குள் தேர்ந்துகொள்கிறார். எது என்று சொல்வதில்லை. யார் எடுத்து வைத்தாலும் எல்லாம் முடிந்த பிறகே, "அந்தப் பச்சைக் கட்டைதான், அதை எடுத்து வச்சது யாரு?" என்று கேட்கிறார். நடுவில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அந்த நொடியே கையை விட்டுவிடுவார்கள். பரிசு எதுவும் வேண்டாம், பெயர் சொல்லிக் கைதட்டினால் போதும். நான்கு வயதுக்கு மேல்தான் இது நன்றாக எடுபடும். மூன்று வயதுக்காரர்கள் ரகசியத்தை மறந்துவிடுவார்கள், அவர்களுக்குச் சந்தையே சரி.

குழாயடியில் நிற்கும் ஐவருக்கும் காத்திருப்பு கொஞ்சம் உண்டு. அதற்கு நம் வீட்டு விளையாட்டே இருக்கிறது, பருப்புக் கடைதல். இருவர் இருவராக நின்று, ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் முழங்கையால் கடைந்து, விரல் விரலாக ஆளுக்கொரு வாய் பகிர்ந்து, கடைசியில் கை வழியே விரல் ஊர்ந்துபோய்க் கூச்சம் காட்டுவது. பேச்சு முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியது, கைகள் வேலையில் இருக்கின்றன, கால் ஓடுவதில்லை. கை கழுவுவதற்கு முன் விளையாடுவதால் அழுக்கென்ற கவலையும் இல்லை.

கழுவியவர்கள் பொம்மைகள் எட்டாத பாயில் போய் உட்கார வேண்டும். சுண்டலை ஆயா முன்பே கிண்ணங்களில் போட்டு மூடி வைத்திருந்தால், வந்தவர்கள் வந்தபடி எடுத்துச் சாப்பிடத் தொடங்கலாம். எல்லோரும் சேர்ந்து தொடங்குவது அழகுதான். ஆனால் பசித்த குழந்தையைக் கிண்ணத்தின் முன் பத்து நிமிடம் உட்கார வைப்பது, நாம் ஒழித்த வரிசையை வேறு இடத்தில் மறுபடி போடுவதாகும். 10:58-க்குக் கடைசிப் பிள்ளையும் பாய்க்கு வந்துவிடும்.

இரண்டு பழக்கங்களைக் கண்டிப்பாக விட வேண்டும். ஒன்று, "யார் முதல்ல முடிக்கிறான்னு பார்ப்போம்". போட்டி வைத்தால் பொருள்கள் கூடையில் அடுக்கப்படாது, எறியப்படும். இன்னொன்று, "எடுத்து வைக்கலைன்னா சுண்டல் கிடையாது". உணவை மிரட்டலுக்குப் பயன்படுத்தக் கூடாது. பல குழந்தைகளுக்கு அன்று காலை அதுதான் முதல் சாப்பாடாக இருக்கும்.

முறை சரியாக நடக்கிறதா என்று அறிய, எந்த நிமிடத்திலும் தலை நிமிர்ந்து வெறுங்கையோடு நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். மூன்று பேருக்கு மேல் இருந்தால் விளையாட்டை மாற்ற வேண்டாம், கூட்டத்தைச் சிறிதாக்குங்கள். காது சரியாகக் கேளாத குழந்தைக்கும், மாற்றம் என்றாலே பதறும் குழந்தைக்கும் மணி போதாது. கட்டை, குழாய், கிண்ணம் என மூன்று படங்களை வரிசையாகக் காட்டி அடுத்தது எது என்று முன்னதாகவே தொட்டுக் காட்டுங்கள்.

வீட்டில் வரிசை இல்லை. அங்கே கடினம் விளையாட்டை முடிப்பதுதான், அதிலும் திரையை அணைப்பது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று முன்கூட்டிச் சொல்வது சிறு குழந்தைகளின் முரண்டைக் கூட்டியதாகவே தெரிந்தது. ஒரு படம் தானாக முடியும் இடத்தில் நிறுத்தியபோது சிக்கல் குறைந்தது. கட்டைக்குச் சொன்ன அதே வழிதான் இங்கும். முடிவு விளையாட்டுக்குள்ளிருந்து வர வேண்டும்.

மையங்களை நடத்துபவர்களிடமும் உதவ நினைக்கும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். புது பொம்மை வாங்கித் தருவதற்கு முன் குழாயைப் பாருங்கள். குழாய்க்குப் பதிலாக ஒரு வாளியில் தண்ணீரும் பெரிய குவளையும் வைத்து, ஆயா இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஊற்றினால் பதின்மூன்று நிமிடம் ஏழாகிவிடும். அந்த வாளியையும் குவளையையும் இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள்.